ஒரு தக்காளிப் பைக்கு எந்த உரம்? மண்புழு உரம், ஆட்டு எரு, வேப்பம் புண்ணாக்கு, கடலைப் புண்ணாக்கு, எலும்புத் தூள்

மாடியில் பத்து வளர்பைகளில் தக்காளி வைக்கப் போகிறவர் உரக்கடைக்குப் போனால் அவர் முன்னால் ஐந்தாறு மூட்டைகள் இருக்கும். எல்லாமே இயற்கை உரம், எல்லாவற்றிலும் எல்லாச் சத்தும் உண்டு என்றுதான் கடைக்காரர் சொல்வார். அது பொய்யில்லை. ஆனால் அதை வைத்து எதையும் தேர்ந்தெடுக்க முடியாது. தக்காளி நான்கு மாதப் பயிர். அந்த நான்கு மாதத்துக்குள் வேருக்கு எவ்வளவு சத்து கிடைக்கும், பக்கத்து வீட்டுக்காரர் மூக்கைப் பிடிப்பாரா, மீதி மூட்டையை மழைக்காலத்தில் எங்கே வைப்பது என்ற மூன்று கேள்விக்கும் பதில் தெரிந்தால்தான் எதை வாங்குவது என்று முடிவாகும்.

முதலில் செடியின் பசியை அளந்துகொள்ளலாம். 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம் உள்ள பையை 10 அங்குலம் வரை நிரப்பினால் ஏறக்குறைய 18 லிட்டர் மண்கலவை பிடிக்கும். நல்ல வெயிலும் ஒழுங்கான தண்ணீரும் இருந்தால் அதிலிருந்து மூன்று கிலோ வரை தக்காளி எதிர்பார்க்கலாம். ஒரு கிலோ பழத்துக்கு, அதைத் தாங்கும் இலை தண்டையும் சேர்த்து, இரண்டரை முதல் மூன்று கிராம் தழைச்சத்து தேவை. ஆக, மூன்று கிலோவுக்கு 8 அல்லது 9 கிராம். பையின் அடியில் வழியும் தண்ணீரோடு கொஞ்சம் போய்விடும் என்பதால் 12 கிராம் என்று வைத்துக்கொள்வோம். சாம்பல்சத்தும் ஏறக்குறைய அதே 12 கிராம்தான். மணிச்சத்துக்கு 3 கிராம் போதும். இந்தக் கடைசி எண்ணை நினைவில் வையுங்கள், எலும்புத் தூள் வாங்கலாமா என்ற கேள்விக்கு அதுதான் விடை சொல்லப்போகிறது.

உரங்களில் இருக்கும் சத்து சராசரியாக இப்படி:

| உரம் | தழைச்சத்து % | மணிச்சத்து % | சாம்பல்சத்து % |
|---|---|---|---|
| மண்புழு உரம் | 1 – 2 | 0.8 – 1 | 0.8 – 1.5 |
| ஆட்டு எரு (காய்ந்தது) | 3 | 1 | 2 |
| வேப்பம் புண்ணாக்கு | 5.2 | 1.0 | 1.4 |
| கடலைப் புண்ணாக்கு | 7.3 | 1.5 | 1.3 |
| எலும்புத் தூள் (ஆவியில் வெந்தது) | 1 – 2 | 25 – 30 | – |

இந்த அட்டவணையை மட்டும் பார்த்தால் கடலைப் புண்ணாக்குதான் ராஜா. ஆனால் இவை மொத்தச் சத்து, செடிக்குக் கையில் கிடைக்கும் சத்தல்ல. புண்ணாக்கில் தழைச்சத்து புரதமாக இருக்கிறது. மண்ணில் உள்ள நுண்ணுயிர்கள் அதை வேகமாக உடைத்துவிடும், ஆகவே ஒரு பருவத்துக்குள் ஏறக்குறைய 60 சதவீதம் செடிக்கு வந்து சேரும் என்று கணக்குப் போடலாம். மண்புழு உரமோ ஏற்கெனவே ஒருமுறை புழுவின் குடலில் செரித்து வந்தது. எளிதில் உடையக்கூடியது எல்லாம் அங்கேயே உடைந்துவிட்டது, மிஞ்சியது மெதுவாகத்தான் அவிழும். அதில் கால் பங்கை மட்டும் இந்தப் பருவத்துக்கு எண்ணிக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

## மண்புழு உரம்: படுக்கை, சாப்பாடு அல்ல

கலவையில் 18 லிட்டருக்கு மூன்றரை லிட்டர், அதாவது ஐந்தில் ஒரு பங்கு மண்புழு உரம் என்றால் எடையில் ஏறக்குறைய இரண்டரை கிலோ. மீதியில் செம்மண்ணும் அலசிய கோகோபீட்டும் சரிபாதி. மலிவான உரத்தைக் கணக்கில் எடுத்து ஒரு சதவீதத் தழைச்சத்து என்றால் மொத்தம் 25 கிராம், அதில் இந்தப் பருவத்துக்குக் கால் பங்கு, அதாவது 6 கிராம். தேவையில் பாதி. ஆனால் சாம்பல்சத்து 20 கிராம் வந்துவிடுகிறது, அதில் பெரும்பகுதி தண்ணீரில் கரையும் வடிவில் இருப்பதால் தக்காளியின் தேவைக்கு அதுவே போதும். மணிச்சத்தும் 20 கிராம், தேவையைப் போல ஆறேழு மடங்கு. ஆக, மண்புழு உரம் போட்ட பையில் குறையக்கூடியது தழைச்சத்து ஒன்றுதான்.

அந்தக் குறையை இன்னும் மண்புழு உரம் போட்டே நிரப்பப் பார்ப்பதுதான் பலர் செய்யும் செலவு. கிலோ 15 ரூபாய் என்று வைத்தால், கிடைக்கக்கூடிய தழைச்சத்து ஒரு கிராமுக்கு 6 ரூபாய் ஆகிறது. கிலோ 50 ரூபாய் வேப்பம் புண்ணாக்கில் அதே ஒரு கிராம் 1 ரூபாய் 60 காசு. உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே பாருங்கள், விகிதம் பெரிதாக மாறாது. மண்புழு உரத்துக்குக் காசு கொடுப்பது அது தண்ணீரைப் பிடித்து வைப்பதற்கும் மண் இளகி வேர் ஓடுவதற்கும். அந்த வேலைக்கு அதற்கு நிகர் இல்லை.

நல்ல மண்புழு உரத்துக்கு வாசனை என்று தனியாக ஒன்றும் இருக்கக் கூடாது. முதல் மழைக்கு நிலம் எழுப்பும் மண்வாசம் மட்டும் வரலாம். 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணையே இதில் துர்நாற்றம் இருக்கக் கூடாது என்கிறது. ஈரப்பதம் 15 முதல் 25 சதவீதம் வரை, ஒரு லிட்டர் உரத்தின் எடை 700 முதல் 900 கிராம் வரை என்றும் அளவு வைத்திருக்கிறது. கடைசிச் செய்தி வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை. ஒரு லிட்டர் அளவுப் பாத்திரத்தில் உரத்தைத் தளர்வாக நிரப்பித் தராசில் வையுங்கள். ஒரு கிலோவைத் தாண்டினால் மணலோ தண்ணீரோ கலந்திருக்கிறது. சாணி வாடையோ சிறுநீர் நெடியோ வந்தால் புழு இன்னும் சாப்பிட்டு முடிக்கவில்லை என்று பொருள். சந்தேகமாக இருந்தால் ஒரு தொட்டியில் அந்த உரத்தை மட்டும் நிரப்பிப் பத்துப் பாசிப்பயறு ஊன்றுங்கள். நான்கைந்து நாளில் குறைந்தது எட்டு முளைத்துப் பச்சையாக நிமிர்ந்தால் உரம் மக்கியது. முளை கருகினாலோ வெளியே வராமல் அழுகினாலோ மூட்டையை நிழலில் கொட்டி, ஈரம் காட்டி, இன்னும் மூன்று வாரம் ஆற விடுங்கள்.

இதைச் சேமிப்பதில் நடக்கும் தவறு, புண்ணாக்கைப் போல இறுக்கி மூடி வைப்பது. உரத்தில் உயிர் இருக்கிறது, அதற்குக் காற்று வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் காற்றில்லாமல் அழுகி, சில வாரத்தில் அழுகிய முட்டை நாற்றம் வரும். வெயிலில் காய விட்டாலும் கெடுதி. எலும்பாக உலர்ந்த மண்புழு உரம் பிறகு தண்ணீரை உள்ளே வாங்காது, மேலே ஊற்றினால் பக்கவாட்டில் ஓடிவிடும். சணல் சாக்கிலோ துளையிட்ட பையிலோ போட்டு, தளத்தில் படாமல் ஒரு பலகை மேல் நிழலில் வையுங்கள். கைப்பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாக நிற்க வேண்டும், தண்ணீர் கசியக் கூடாது, விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதம் தவறாமல் இருக்க மாதம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும்.

## ஆட்டு எரு கிடைத்தால்

ஊர்ப்பக்கம் உறவோ பழக்கமோ உள்ளவர்களுக்கு இது மண்புழு உரத்துக்கு மாற்று. சத்து அதிகம், விலை குறைவு. ஆனால் அட்டவணையில் உள்ள மூன்று சதவீதம் பட்டியில் ஒழுங்காகச் சேர்த்து நிழலில் காய்ந்ததற்கு. மழையில் நனைந்து வெயிலில் கிடந்ததில் அதில் பாதிகூட இருக்காது. ஒரு பைக்கு மக்கிய ஆட்டு எரு ஒன்றரை கிலோ போதும்.

மக்கியதா என்பதுதான் இங்கே முழுக் கேள்வி. புதுப் புழுக்கையை அப்படியே பையில் போட்டால் மூன்று தொல்லை. சிறுநீர் ஊறிய புழுக்கையில் இருந்து கிளம்பும் அம்மோனியா இளம் வேரைச் சுடும். காய்ந்த புழுக்கை வெளியே ஓடு கட்டிக்கொண்டு மாதக்கணக்கில் கரையாமல் உருளும். மூன்றாவது தென்மாவட்டத்துக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும்: ஆடு தின்ற சீமைக்கருவேல நெற்றின் விதை செரிக்காமல் வெளியே வந்து, உங்கள் தக்காளிக்குப் பக்கத்திலேயே முளைத்து நிற்கும். சின்னதிலேயே பிடுங்காவிட்டால் அதன் ஆணிவேர் பையைத் துளைத்துக்கொண்டு போகும்.

ஆகவே புழுக்கையை இடித்து நொறுக்கி, ஈரமாக்கி, நிழலில் குவித்து, வாரம் ஒருமுறை புரட்டி இரண்டு மூன்று மாதம் மக்க வைக்க வேண்டும். மக்கியதா என்று பார்க்க, ஒரு கைப்பிடியை ஈரத்தோடு சிறு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி ஒருநாள் வைத்துத் திறந்து முகருங்கள். மூக்கில் ஏறும் காரநெடி வந்தால் இன்னும் ஆகவில்லை. அடுக்குமாடி பால்கனியில் இந்த வேலை நடக்காது, அங்கே மக்கியதை வாங்குவது ஒன்றே வழி. பச்சையாகச் சாப்பிடும் கொத்தமல்லி, புதினா, கீரைக்கு மக்காத எருவை எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். சாணம், புழுக்கை எல்லாவற்றிலும் குடல் கிருமிகள் இருக்கலாம், இலையில் தெறித்தால் அப்படியே வாய்க்குப் போகும்.

கோழி எருவும் சத்தில் இதற்குச் சளைத்ததல்ல. ஆனால் அதன் அம்மோனியா நெடியும் ஈயும் மாடிக்கு ஒத்துவராது. திறந்து போட்டால் ஒரு மாதத்தில் தழைச்சத்தில் பாதி காற்றில் போய்விடும். தோப்பு வைத்திருப்பவர்களுக்கு அது சரி.

## வேப்பமா, கடலையா

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான். மண்புழு உரம் கொடுத்தது போக, நமக்கு இன்னும் 6 கிராம் தழைச்சத்து வேண்டும். அதை எந்தப் புண்ணாக்கு தரலாம்?

கலவை தயாரிக்கும்போதே பைக்கு 50 கிராம் வேப்பம் புண்ணாக்கைக் கலப்பதில் இரண்டு தரப்புக்கும் சண்டை இல்லை. அதில் உள்ள கசப்புப் பொருள்கள் வேரைத் தாக்கும் நூற்புழுவை அடக்கும், தழைச்சத்து நைட்ரேட்டாக மாறி வழிந்தோடுவதையும் தாமதப்படுத்தும். ஒரு நிபந்தனை: கலந்து, ஈரமாக்கி, பதினைந்து நாள் கழித்துத்தான் நாற்று நட வேண்டும். முதல் வாரத்தில் புண்ணாக்கு உடையும்போது சூடும் அம்மோனியாவும் கிளம்பும். விதையை அன்றே ஊன்றினால் முளைக்காது, நாற்று நட்டால் இலை நுனி கருகும். மேலே வெள்ளையாகப் பஞ்சுபோல் பூசணம் படர்ந்தால் பயப்பட வேண்டாம். அது புண்ணாக்கைத் தின்னும் பூசணம், செடியைத் தொடாது. கிளறி விட்டால் மறைந்துவிடும்.

இந்த 50 கிராமில் செடிக்கு வந்து சேர்வது ஒன்றரை கிராம். இன்னும் நான்கரை கிராம் மேலுரமாகப் போக வேண்டும். வேப்பம் புண்ணாக்கு என்றால் 30 கிராம் வீதம் ஐந்து முறை, கடலைப் புண்ணாக்கு என்றால் 20 கிராம் வீதம் ஐந்து முறை. நட்ட 20, 35, 50, 65, 80ஆம் நாட்கள் சரியான நேரம். தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி, பையின் ஓரமாக வட்டமாக ஒரு அங்குல ஆழம் பறித்து, தூளைத் தூவி, மண்ணால் மூடித் தண்ணீர் விடுங்கள். மூடுவது முக்கியம். மேலே தூவி விட்டால் தழைச்சத்தில் ஒரு பகுதி அம்மோனியாவாகக் காற்றில் போகும், எறும்பும் கொசு போன்ற கருப்புச் சிறு ஈயும் வரும், வாடையும் இரட்டிப்பாகும். கைப்பிடி அளவை நம்பாமல் ஒருமுறை தராசில் போட்டுப் பாருங்கள். ஆளுக்கு ஆள் கைப்பிடி இருபது கிராம் வித்தியாசப்படும். 30 கிராம் எந்தக் கிண்ணத்தில் எந்தக் கோடு வரை வருகிறது என்று குறித்துக்கொண்டால் பிறகு தராசு வேண்டாம்.

சத்துக் கணக்கில் இரண்டும் சமமாகிவிட்டன. இனி முடிவு செய்வது மூக்கும் எலியும்.

வேப்பம் புண்ணாக்கின் வாடை கசந்த பூண்டு வாடை. மூட்டையைத் திறக்கும்போதும் முதல் தண்ணீர் விடும்போதும் தூக்கலாக இருக்கும், மண்ணால் மூடியிருந்தால் மூன்று நான்கு நாளில் அடங்கும். அது பிடிக்காதவர்கள் உண்டு, ஆனால் அது அழுகல் நாற்றம் அல்ல. கசப்பாக இருப்பதால் எலியோ நாயோ காக்கையோ சீண்டாது.

கடலைப் புண்ணாக்கு மாட்டுக்குத் தீவனம், ஆகவே வாய் உள்ள எல்லாவற்றுக்கும் தீவனம். மண்ணுக்குள் புதைத்தாலும் எலியும் பெருச்சாளியும் ஒரே இரவில் தோண்டி, கூடவே வேரையும் அறுத்துவிட்டுப் போகும். தரைத்தளத்திலும் பழைய தெருவை ஒட்டிய வீடுகளிலும் இது நிச்சயம் நடக்கும். அதனால்தான் இதைப் பெரும்பாலும் ஊறவைத்துத் தண்ணீராக விடுகிறார்கள். 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் ஊறப்போட்டு, பத்து லிட்டராகப் பெருக்கி, செடிக்கு வாரம் அரை லிட்டர் வீதம் கொடுப்பது வழக்கம். அந்த அரை லிட்டரில் 5 கிராம் புண்ணாக்கு இருக்கிறது. பன்னிரண்டு வாரத்தில் 60 கிராம். மேலுரக் கணக்கில் சொன்ன 100 கிராமை விட இது குறைவுதான், ஆனால் ஊறலில் சத்து ஏற்கெனவே பாதி உடைந்து வருவதால் ஒரே வாரத்தில் இலையில் பச்சை தெரியும். வெளிறிய செடியைத் தூக்கி நிறுத்த இதைவிட வேகமானது இயற்கை உரத்தில் குறைவு.

அதற்கு நாம் கொடுக்கும் விலை அந்த ஊறலின் நாற்றம். இரண்டாம் நாள் வரை புளித்த மாவு வாடை, பொறுத்துக்கொள்ளலாம். மூன்றாம் நாளுக்கு மேல் புரதம் அழுகிச் சாக்கடை நாற்றமாக மாறும், அது ஒரு தளம் முழுவதும் பரவும். மூடியை இறுக்கினால் நாற்றம் நிற்கும் என்று தோன்றும். ஆனால் உள்ளே எழும் வாயு டப்பாவை உப்ப வைத்து, திறக்கிறவர் முகத்தில் பீய்ச்சும். மூடியை இறுக்காமல் துணி கட்டி, தினம் இருமுறை நீளக் குச்சியால் கலக்கி, இரண்டாம் நாள் முடிவிலேயே வடிகட்டி முழுவதையும் அன்றே தீர்த்துவிடுவதுதான் வழி. மூடிய அறையிலோ குளியலறையிலோ ஊறல் வைக்கவே கூடாது. மிஞ்சியதைத் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பதும் கூடாது. மோர் என்று நினைத்துக் குடிக்க வீட்டில் யாராவது இருப்பார்கள்.

சேமிப்பிலும் கடலைப் புண்ணாக்குதான் தலைவலி. ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் வாய் திறந்த பையில் இரண்டு வாரம் இருந்தாலே பச்சை, மஞ்சள்பச்சைப் பூசணம் பூக்கும். நிலக்கடலையில் வரும் இந்தப் பூசணம் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கக்கூடியது, ஈரலுக்குக் கெடுதி. அந்தத் தூளை மூக்கருகில் வைத்து இடிக்கவோ சலிக்கவோ கூடாது, மாட்டுக்கோ கோழிக்கோ போடவும் கூடாது. லேசாக நனைத்து, தூசி பறக்காமல் மக்கு குழியில் புதைத்துவிடுங்கள். நல்லதை ஒருநாள் வெயிலில் காயவைத்து, இறுக்கமாக மூடும் டப்பாவில் போட்டு, ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குவதே சிக்கனம். வேப்பம் புண்ணாக்கும் ஈரம் படாமல் மூடிய டப்பாவில்தான் இருக்க வேண்டும், ஆனால் அது ஆறு மாதம் வரை சாதுவாக இருக்கும். கட்டி கட்டியாக உறைந்து சிக்கு வாடை அடித்தால் உள்ளே ஈரம் போயிருக்கிறது என்று கண்டுகொள்ளலாம்.

இரண்டுக்கும் பொதுவாக ஒரு எச்சரிக்கை. மலிவாகக் கிடைக்கும் 'கலப்புப் புண்ணாக்கு'த் தூளில் ஆமணக்குப் புண்ணாக்கு இருக்கலாம். அது உரமாக மோசமில்லை, ஆனால் அதில் ரிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. நாய் வளர்க்கும் வீட்டிலும், தவழும் குழந்தை உள்ள வீட்டிலும் அதை வைத்திருக்கவே வேண்டாம். வேப்பம் புண்ணாக்கு என்று வாங்கியதை ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்குங்கள். அடியில் மணல் தங்கினாலோ, கசந்த வாடையே எழாவிட்டாலோ அந்தக் கடையை மாற்றிக்கொள்ளலாம்.

## எலும்புத் தூள்

ஒரு பைக்கு 30 முதல் 50 கிராம் என்று எல்லோரும் சொல்வார்கள். 30 கிராமில் எட்டுக் கிராம் மணிச்சத்து. மண்புழு உரமே 20 கிராம் கொடுத்துவிட்ட பையில், 3 கிராம் மட்டும் தின்னும் செடிக்கு இது எதற்கு? மேலும், எலும்பில் உள்ள மணிச்சத்து புளிப்பான மண்ணில்தான் கரையும். நம் ஊர்களில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்தது, மண்கலவையைக் காரமாக்கிவிடும். அதில் எலும்புத் தூள் வருடக்கணக்கில் தூளாகவே கிடக்கும். மேலே தூவினால் இன்னும் வீண், மணிச்சத்து தண்ணீரோடு கீழே இறங்காது.

தக்காளியின் அடிப்புறம் கறுத்து அழுகுவதைப் பார்த்துச் சுண்ணாம்புச்சத்துக்காக எலும்புத் தூள் போடச் சொல்வார்கள். அந்த அழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் மண்ணில் சுண்ணாம்பு இல்லாதது அல்ல. ஒருநாள் காய்ந்து மறுநாள் நனையும் பையில் அந்தச் சத்து பழம் வரை ஏறாததுதான். காலையும் மாலையும் ஒரே அளவில் தண்ணீர் விடுவதும், புண்ணாக்கு அளவைக் குறைப்பதும் அதைச் சரிசெய்யும்.

ரோஜாவுக்கோ பல ஆண்டு நிற்கும் பழச்செடிக்கோ செம்மண்ணில் போட விரும்பினால் ஆவியில் வேகவைத்த தூளை மட்டும் வாங்குங்கள், பச்சை எலும்புத் தூளில் கிருமி இருக்கலாம். முகத்துக்குத் துணி கட்டி, வேர் போகும் ஆழத்தில் கலந்து மூடுங்கள். வீட்டில் நாய் இருந்தால் மறுநாள் காலை செடி வெளியே கிடக்கும்.

## இருவேறு வீடு, இருவேறு முடிவு

மூன்றாவது மாடி அடுக்குமனை, பால்கனியில் பத்துப் பை, சுவரை ஒட்டிப் பக்கத்து வீட்டு ஜன்னல். இவருக்கு ஒரு மூட்டை, அதாவது 25 கிலோ மண்புழு உரம், இரண்டு கிலோ வேப்பம் புண்ணாக்குத் தூள். அவ்வளவுதான். மண்புழு உரம் முழுவதும் கலவை போடும் நாளிலேயே தீர்ந்துவிடும், சேமிக்க மிஞ்சுவது மேலுரத்துக்கான ஒன்றரை கிலோ புண்ணாக்கு, ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா. அதன் மேல் பெயரும் வாங்கிய மாதமும் எழுதி, சமையலறைக்கு வெளியே, குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வைத்தால் முடிந்தது. ஊறல் வேண்டாம், ஆட்டு எரு வேண்டாம்.

தனி வீடு, திறந்த மாடி, எலி ஏறாத தளம் என்றால் மண்புழு உரத்தில் பாதியைக் குறைத்து ஆட்டு எரு சேர்க்கலாம். முதல் மூன்று மேலுரத்தை வேப்பம் புண்ணாக்காகவும், காய் பிடிக்கும் 65, 80ஆம் நாட்களின் மேலுரத்துக்குப் பதிலாக அந்த வாரங்களில் கடலைப் புண்ணாக்கு ஊறலாகவும் கொடுக்கலாம். கனமழை நாட்களில் ஊறல் விடாதீர்கள், மொத்தமும் பைக்கு அடியில் வழிந்து தளத்தைத்தான் கறையாக்கும். மழை ஓய்ந்த மறுநாள் காய்ந்த தூளைப் புதைப்பது மேல்.

அளவு சரியா என்பதைச் செடி சொல்லும். அடி இலைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்து போதவில்லை, அடுத்த தவணையை ஐந்து நாள் முன்னே கொண்டு வரலாம். இலை கரும்பச்சையாகி, கீழ்நோக்கிச் சுருண்டு, தண்டு பருத்து, பூ உதிர்ந்து, குருத்தில் அசுவினி ஏறினால் அதிகமாகிவிட்டது, ஒரு தவணையை விட்டுவிடுங்கள். புண்ணாக்கு போட்ட இரண்டு மூன்று நாளில் இலை ஓரம் கருகினால் ஓரத்தில் புதைத்ததைச் சுரண்டி எடுத்துவிட்டு, அடியில் தெளிவாக வழியும் வரை தண்ணீர் விடுங்கள். கருகிய இலை திரும்பாது, புதுக் குருத்து பச்சையாக வந்தால் வேர் பிழைத்துவிட்டது.

கீரைப் பைக்கு இதே கலவை, ஆனால் மேலுரம் தேவையில்லை. 25 நாளில் பிடுங்கும் பயிருக்கு அடியுரமே மிஞ்சும். மிளகாய்க்கும் கத்தரிக்கும் தக்காளியின் கணக்கே பொருந்தும், அவை நீண்ட நாள் நிற்பதால் 80ஆம் நாளுக்குப் பிறகும் இருபது நாளுக்கு ஒரு தவணை தொடர வேண்டும்.

தக்காளி ஓய்ந்த பிறகு பையைக் கொட்டிவிடாதீர்கள். மண்புழு உரத்தின் முக்கால் பங்குத் தழைச்சத்தில் பெரும்பகுதி இன்னும் உள்ளேதான் இருக்கிறது. பழைய வேரைப் பொறுக்கிவிட்டு, மண்ணை இரண்டு நாள் வெயிலில் உலர்த்தி, பைக்கு ஒரு கிலோ மண்புழு உரமும் 50 கிராம் வேப்பம் புண்ணாக்கும் கலந்து, ஈரமாக்கிப் பதினைந்து நாள் ஆறப்போடுங்கள். அடுத்து தக்காளி, மிளகாய், கத்தரி வேண்டாம், அதே நோய்களும் நூற்புழுவும் காத்திருக்கும். வெண்டையும் நூற்புழுவுக்குப் பிடித்ததுதான். கொத்தவரையோ கீரையோ ஊன்றலாம்.